சென்சார் தூசிப் புள்ளிகள்: ஒரு படத்தில் நீக்கியதை நானூறு படங்களுக்கும் கொண்டுபோகும்போது வரும் கோளாறுகள்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி வெயில் உச்சியில் இருக்கும் காலத்தில் வருகிறது. காத்ர போர்னில் கோர் த கார்த் மலையடிவாரத்து முருகன் கோவிலுக்குக் காவடிகள் ஏறும்போது பின்னணியில் பாதிப் படம் வானம்தான். முன்னால் நிற்கும் காவடியும் பின்னால் வரும் கூட்டமும் ஒருசேரத் தெளிவாக வேண்டும் என்று லென்ஸ் துளையை f/11, f/16 என்று சுருக்குவோம். நடுவில் லென்ஸ் மாற்றுவோம். கற்பூரப் புகை, காற்றில் பறக்கும் திருநீறு எல்லாம் திறந்த கேமராவுக்குள் போகும். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் வானமெங்கும் மங்கலான கறுப்புப் புள்ளிகள், எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில்.

என்னிடம் கடைசியாக இப்படி வந்தது 412 படங்கள். ஒரே கேமரா, 6000 × 4000 பிக்சல் முழுச்சட்ட சென்சார், இரண்டு லென்ஸ்: 24-70, 70-200. கண்ணுக்குத் தெரிந்தவை ஏழு புள்ளிகள். ஒரு படத்தில் ஏழையும் நீக்கி அதையே மற்ற எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஒட்டின பிறகுதான் ஒவ்வொன்றாகக் கோளாறு தெரியவரும். எந்த அறிகுறிக்கு எது காரணம், என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது டார்க்டேபிள், இலவச மென்பொருள். நம் ஊரில் பலருடைய கணினி பிரெஞ்சில் இருக்கும். நான் இங்கே கொடுப்பவை ஆங்கில இடைமுகத்தில் தெரியும் பெயர்கள்.

முதலில் அடிப்படை வேலை. புள்ளிகள் நன்றாகத் தெரியும் ஒரு ரா கோப்பைத் திறந்து, `retouch` தொகுதியில் `heal` முறையைத் தேர்ந்து, ஒவ்வொரு புள்ளி மேலும் ஒரு வட்டம் வையுங்கள். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் வட்டம் பெரிதாகும், சிறிதாகும். எங்கிருந்து மாற்றுப் பரப்பு எடுக்கப்படுகிறது என்பதை இன்னொரு வட்டம் காட்டும். அதை இழுத்து நகர்த்தலாம். முடித்ததும் `lighttable` பக்கத்துக்கு வந்து, அந்தப் படத்தின் மேல் `selective copy...` கொடுத்து `retouch` ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள். அப்புறம் மற்றப் படங்களைத் தேர்ந்து `paste` கொடுங்கள். வெளிச்சம், நிறம் எதுவும் கூடவே போய்விடாது. தூசி வேலையை எல்லாத் தனித் திருத்தங்களுக்கும் முன்னாலேயே செய்துவிடுங்கள். முகத்தில் ஒரு பருவை நீக்கிய பிறகு மேலே இதை ஒட்டினால் எது எதை அழித்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

அறிகுறி: புள்ளி தூசிதானா என்றே தெரியவில்லை

இதற்கு அதிக நேரம் வேண்டாம். இரண்டு மூன்று படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்றால் சென்சார் தூசி. இடம் மாறினால் பறவையோ பட்டமோ. இன்னொரு அடையாளம், துளை விரிந்த படங்களில் அதே புள்ளி பெரிதாகி வெளிறிப் போகும். லென்ஸின் முன் கண்ணாடியில் இருக்கும் தூசி இப்படிச் சின்னப் புள்ளியாக விழாது. நிமிர்த்தி எடுத்த படத்தையும் கிடையாக எடுத்ததையும் ஒப்பிடும்போது மட்டும் கவனம் தேவை. கேமரா திரும்பியிருப்பதால் மேலே இருந்த புள்ளி பக்கவாட்டில் இருக்கும்.

அறிகுறி: திருத்தம் புள்ளியின் மேல் விழாமல் பக்கத்தில் விழுகிறது

பலரைக் குழப்புவது இதுதான். தூசி சென்சாரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறது, பிறகு எப்படிப் புள்ளி நகரும்? எனக்கு உதவிக்கு வந்த தம்பி மகனும் இதையேதான் கேட்டான். "பெரியப்பா, இந்தப் படத்தில் வட்டம் சரியாக உட்கார்ந்திருக்கிறது, அதில் பாதி வெளியே கிடக்கிறது. மென்பொருளில்தான் ஏதோ பிழை," என்றான். பிழை மென்பொருளில் இல்லை.

தூசி ஒட்டியிருப்பது ஒளியைப் பதியும் பரப்பின் மேலேயே அல்ல. அதற்கு முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது; தூசி அதன் மேல் நிற்கிறது. இரண்டுக்கும் இடைவெளி கேமராவுக்குக் கேமரா மாறும். கணக்குக்காக ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாம் படத்தில் பார்ப்பது தூசியை அல்ல, அந்த இடைவெளியைத் தாண்டி விழும் அதன் நிழலை. விளக்குக்கு முன்னால் கையைக் காட்டினால் விளக்கு இருக்கும் தூரத்தைப் பொறுத்துச் சுவரில் நிழல் நகர்வது போலத்தான் இங்கும்.

லென்ஸின் பின்பக்கம் ஒளி எங்கிருந்து புறப்படுவதுபோல் தெரிகிறதோ அந்த இடம்தான் இங்கே விளக்கு. அந்தத் தூரம் லென்ஸுக்கு லென்ஸ் வேறு. ஜூம் லென்ஸில் குவியத் தூரத்தை மாற்றினாலும் மாறும். படத்தின் நடுவில் இருக்கும் தூசிக்கு ஒளி நேராக விழுவதால் நிழல் அசையாது. ஓரத்தில் சாய்ந்து விழுவதால் நிழல் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். விளக்கு அருகில் வர வர இன்னும் வெளியே போகும்.

நடுவிலிருந்து 15 மி.மீ. தள்ளி ஒரு தூசி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லென்ஸில் அந்த 'விளக்கு' 60 மி.மீ. தூரம், இன்னொன்றில் 120 மி.மீ. தூரம். முதலாவதில் நிழல் 15/60, அதாவது கால் மில்லிமீட்டர் தள்ளி விழும்; இரண்டாவதில் 15/120, எட்டில் ஒரு பங்கு. வித்தியாசம் 0.125 மி.மீ. 36 மி.மீ. அகலத்தில் 6000 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.006 மி.மீ. ஆகவே புள்ளி ஏறக்குறைய 20 பிக்சல் நகர்ந்துவிட்டது. நீங்கள் வைத்த வட்டத்தின் ஆரம் 12 பிக்சல் என்றால் புள்ளி முழுக்க வெளியே.

அதனால் 412 படத்துக்கும் ஒரே தூசி வரைபடம் போதாது. லென்ஸ்வாரியாகப் பிரிக்க வேண்டும். டார்க்டேபிளில் `collections` தொகுதியில் `lens` என்று தேர்ந்தால் அந்தந்த லென்ஸ் படங்கள் தனியே வரும். ஜூம் லென்ஸுக்குள் மேலும் பிரிக்க வேண்டுமா என்பதை ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். 24 மி.மீ.யில் எடுத்த படத்தில் வட்டங்களை வைத்து, 70 மி.மீ.யில் எடுத்த ஒன்றுக்கு மட்டும் ஒட்டுங்கள். மூலைப் புள்ளிகளைப் பாருங்கள். அவை வட்டத்துக்குள் இருந்தால் அந்த லென்ஸுக்கு ஒரே வரைபடம் போதும். வட்டத்தின் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். வெளியே போய்விட்டால் இரண்டு குழுவாக்குங்கள். என் 24-70இல் மேல் மூலைப் புள்ளிகள் இரண்டு மட்டும் நகர்ந்தன. 35க்குக் கீழே ஒரு குழு, அதற்கு மேலே ஒன்று என்று பிரித்ததும் சரியாகிவிட்டது. 70-200இல் வட்டத்தைப் பெரிதாக்கியதே போதுமாயிற்று.

சட்டத்தை வெட்டியிருப்பதோ கேமராவை நிமிர்த்தி எடுத்திருப்பதோ இங்கே காரணம் அல்ல. ரா கோப்பில் டார்க்டேபிள் வட்டங்களை மூலச் சட்டத்தின் இடக்கணக்கில்தான் வைத்துக்கொள்கிறது. லைட்ரூமிலும் படம் திரும்பியதற்காகப் புள்ளி இடம் மாறாது. எனவே நிமிர்ந்தவை, கிடையானவை என்று பிரிக்கும் வேலை மிச்சம்.

அறிகுறி: புள்ளி போய்விட்டது, ஆனால் வானத்தில் மயிற்பீலித் துண்டு முளைத்திருக்கிறது

இதைப் பார்த்து முதலில் அதிர்ந்தே போனேன். மேல் வலது மூலையில் வெறும் நீல வானம். அதன் நடுவே ஒரு காவடியின் பீலி நுனி, வட்டமாக வெட்டி ஒட்டியதுபோல். காரணம் சுலபம். மாற்றுப் பரப்பை எடுக்கும் வட்டத்தை முதல் படத்தில் எங்கே வைத்தேனோ, ஒட்டிய எல்லாப் படத்திலும் அதே இடத்திலிருந்துதான் எடுக்கிறது. முதல் படத்தில் அந்த இடம் வானம். நாற்பதாவது படத்தில் அங்கே காவடி வந்து நிற்கிறது.

மருந்து, அந்த எடுக்கும் வட்டத்தைப் புள்ளிக்கு மிக அருகில் வைப்பது. புள்ளியின் வட்டத்தைத் தொடாமல், அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் இருக்கட்டும். புள்ளி இருக்கும் இடம் வானம் என்றால் முப்பது பிக்சல் தள்ளியும் வானமாகத்தான் இருக்கும். புள்ளி காவடித் துணியின் மேல் விழுந்திருந்தாலும் அருகில் அதே துணி இருக்க வாய்ப்பு அதிகம். நானூறு பிக்சல் தள்ளி வைத்தால் அந்த உறுதி கிடையாது. "சுத்தமான பரப்பாகப் பார்த்துத் தூரத்திலிருந்து எடுத்தால் நல்லது" என்பது ஒரே படத்தைத் திருத்தும்போது நல்ல பழக்கம். தொகுப்பு வேலையில் அதுவே கெடுதல்.

எந்தப் பக்கம் வைப்பது என்பதும் முக்கியம். இன்னொரு தூசியின் மேல் எடுக்கும் வட்டம் விழக் கூடாது, இல்லாவிட்டால் ஒரு புள்ளியை நீக்கி இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்போம். காவடிகள் கீழிருந்து மேலே உயர்ந்து வருவதால் மேல் ஓரத்துப் புள்ளிகளுக்கு நான் எப்போதும் மேற்பக்கத்திலிருந்தே எடுத்தேன். நிமிர்த்தி எடுத்த படங்களில் இந்த 'மேற்பக்கம்' பக்கவாட்டாகிவிடும்; தூரம் குறைவு என்பதால் அது பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை.

லைட்ரூம் கிளாசிக் பயன்படுத்துபவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எடுக்கும் இடத்தை மென்பொருளே தேர்ந்தபடி விட்டுவிட்டால், ஒத்திசைக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் அது புதிதாக இடம் தேடும். கையால் ஒருமுறை இழுத்து நகர்த்திவிட்டால் அந்த இடமே எல்லாப் படத்துக்கும் நிலையாகிவிடும். ஆகவே அங்கே அறிவுரை நேர் எதிர்: முதல் படத்தில் கைவைக்காதீர்கள்.

எப்படிச் செய்தாலும் புள்ளி சரியாக ஒரு பொருளின் விளிம்பில், அதாவது வானமும் காவடியும் சேரும் கோட்டில் விழும் படங்கள் சில இருக்கும். அவற்றைத் தொகுப்பாகச் சரிசெய்ய முடியாது. என் 412இல் அப்படி 19 படங்கள் வந்தன. அவற்றில் அந்த ஒரு வட்டத்தை மட்டும் கையால் நகர்த்தினேன். அந்தப் பத்தொன்பதுக்காக முழுத் தொகுப்பையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

அறிகுறி: புள்ளியே இல்லாத இடத்தில் முகமும் துணியும் கலங்கித் தெரிகின்றன

அலகு குத்திக்கொண்டிருந்த ஒருவரின் கன்னத்தை நெருக்கமாக எடுத்த படம். வேல் நுனிக்குப் பக்கத்தில் தோல் ஒரு வட்ட அளவுக்கு வழவழப்பாகிக் கிடந்தது. அந்தப் படம் f/2.8. அதில் தூசி தெரியவே இல்லை, ஆனால் திருத்தம் ஒட்டப்பட்டுவிட்டது.

இதற்கும் அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் விளக்கம். நிழல் பரவும் அகலம் ஏறக்குறைய அந்த இடைவெளியைத் துளை எண்ணால் வகுத்தால் வருவது. f/16இல் 1/16 மி.மீ., நம் சென்சாரில் பத்துப் பிக்சல், சின்னது, அடர்த்தியானது. f/8இல் இருபது பிக்சல். f/2.8இல் அறுபது பிக்சல் அகலத்துக்குப் பரவி, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வெளிறிவிடுகிறது. அங்கே நீக்க ஒன்றுமில்லை. ஒட்டினால் நல்ல தோலைத்தான் மாற்றுவோம்.

ஒட்டுவதற்கு முன்னாலேயே துளை எண்ணால் வடிகட்டிவிடுங்கள். `collections`இல் `aperture` தேர்ந்து `[8;22]` என்று தட்டினால் f/8 முதல் f/22 வரை எடுத்தவை மட்டும் வரும். மென்பொருளைத் திறக்காமலே பட்டியல் வேண்டுமென்றால் எக்ஸிஃப்டூல் போதும்:

```
exiftool -T -if '$FNumber >= 8' -FileName -FNumber -FocalLength -LensModel *.NEF
```

விண்டோஸில் ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோள் போடுங்கள். `NEF` இடத்தில் உங்கள் கேமராவின் கோப்பு நீட்சி வரட்டும். f/5.6 இடைநிலை. வானம் பரந்து கிடக்கும் படங்களை மட்டும் கண்ணால் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே கணக்கிலிருந்து வட்டத்தின் அளவும் கிடைக்கிறது. f/16 படத்தில் கச்சிதமாக வைத்த வட்டம் f/8 படத்தில் போதாது. புள்ளி போய், சுற்றிலும் ஒரு மங்கலான வளையம் மிஞ்சும். ஆகவே இடத்தைக் கண்டுபிடிக்க f/16 படத்தைப் பயன்படுத்துங்கள், அளவை முடிவு செய்ய அந்தக் குழுவிலேயே துளை அதிகம் விரிந்த படத்தைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: பாதி வரை சரி, அதற்கு அப்புறம் புதுப் புள்ளிகள்

நடுவில் லென்ஸ் மாற்றியிருப்பீர்கள், அல்லது கேமராவை அணைத்துப் போட்டபோது அதன் தூசி உதறும் அமைப்பு ஒரு துகளை இடம் மாற்றியிருக்கும். எந்தப் படத்திலிருந்து மாறியது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம். படங்களை எடுத்த நேர வரிசையில் வைத்து நடுப்படத்தைப் பாருங்கள். புதுப் புள்ளி இருந்தால் மாற்றம் அதற்கு முன்னால், இல்லையென்றால் பின்னால். மிச்சமிருக்கும் பாதியின் நடுவை மறுபடி பாருங்கள். 412 படத்துக்கு ஒன்பது முறை பார்த்தால் சரியான படத்துக்கு வந்துவிடலாம். நடுவில் அகப்பட்டது துளை விரிந்த படமாக இருந்தால் அதில் புள்ளி தெரியாது. பக்கத்திலிருக்கும் f/11 படத்துக்கு நகர்ந்து பாருங்கள்.

எனக்கு மாற்றம் 233ஆவது படத்தில் அகப்பட்டது. பழைய ஏழில் ஒன்று காணாமல்போய், புதிதாக மூன்று வந்திருந்தன. காணாமல்போன தூசிக்கான வட்டத்தை இரண்டாம் பாதியின் வரைபடத்திலிருந்து எடுத்துவிட மறக்காதீர்கள். அது அங்கே வெறுமனே நல்ல பரப்பைக் கலைத்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி: எல்லாப் படத்திலும் கூட்டமும் பூவும்தான், புள்ளியைத் தேட வெற்று வானமே இல்லை

விழா முடிந்த உடனே, லென்ஸைக் கழற்றும் முன், ஒரு வெள்ளைச் சுவரையோ வானத்தையோ f/16 வைத்து, குவியத்தைக் கலைத்து, படம் வெளிறிப் போகாத அளவுக்கு நீண்ட திறப்பில் கேமராவை மெல்ல அசைத்தபடி ஒரு படம் எடுத்திருந்தால் அதுவே வரைபடம். சுவரின் கறைகள் அசைவில் கரைந்துவிடும், தூசி மட்டும் நிற்கும். லென்ஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் இப்படி ஒன்று எடுப்பதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

எடுக்காமல் விட்டுவிட்டால், படங்களையே ஒன்றன்மேல் ஒன்றாகச் சராசரி செய்யலாம். மனிதர்களும் பீலிகளும் கலந்து ஒரு சாம்பல் பரப்பாகிவிடும்; எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கும் தூசி மட்டும் எஞ்சும். ஒரே லென்ஸில், f/11க்கு மேல், கிடையாக எடுத்த 30 அல்லது 40 படங்களை, வெட்டாமல், லென்ஸ் திருத்தம் இல்லாமல் ஜேபெக்காக ஏற்றுமதி செய்து ஒரு கோப்புறையில் போட்டு இமேஜ்மேஜிக்கிடம் கொடுங்கள்:

```
magick '*.jpg[3000x2000]' -evaluate-sequence mean map.png
```

பாதி அளவுக்குக் குறைத்துத்தான் படிக்கச் சொல்லியிருக்கிறேன், முழு அளவில் நாற்பது படம் என்றால் கணினியின் நினைவகம் திணறும். வரும் `map.png` மொழுமொழுவென்று இருக்கும். அதில் மாறுபாட்டை மிகவும் கூட்டினால் புள்ளிகள் எழுந்து வரும். அந்த இடங்களைப் பார்த்துக்கொண்டு ரா கோப்பில் வட்டம் வைக்க வேண்டியதுதான். ஒரே இடத்தில் நின்று, பின்னணி மாறாமல் எடுத்த படங்களுக்கு இந்த வழி பலிக்காது. பின்னணியும் தூசியைப்போல அப்படியே நின்றுவிடும்.

அறிகுறி: ஜேபெக் மட்டுமே இருக்கிறது, எந்தக் குழுவிலும் இடம் பொருந்தவில்லை

கேமராவே லென்ஸின் வளைவைத் திருத்தி ஜேபெக்கை எழுதியிருக்கும். அந்தத் திருத்தம் ஜூம் அளவுக்குத் தக்கபடி ஓரங்களை நகர்த்துவதால் மூலைப் புள்ளிகள் இன்னும் அதிகம் அலையும். சில மென்பொருள்கள் நிமிர்ந்த படத்தை நிஜமாகவே சுழற்றிச் சேமித்துவிடும். அப்போது கிடையானவற்றோடு எதுவும் பொருந்தாது. குழுக்களைச் சின்னதாக்கி, நிமிர்ந்தவற்றைத் தனியே பிரித்து, நடுப்பகுதிப் புள்ளிகளை மட்டும் தொகுப்பாக நீக்கி, மூலைகளைக் கையால் பார்ப்பதே இங்கே முடிந்த வழி.

எல்லாம் ஒட்டிய பிறகு, ஒவ்வொரு குழுவிலிருந்தும் மிகக் குறைந்த குவியத் தூரம், மிக அதிகக் குவியத் தூரம், மிக விரிந்த துளை என்று மூன்று படங்களை முழு அளவில் திறந்து நான்கு மூலைகளையும் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். அப்புறம் கேமராவைக் காற்றுப் பம்பால் ஊதும்போது, படத்தில் மேல் இடது மூலையில் கண்ட தூசியைச் சென்சாரின் கீழ் இடது மூலையில் தேடுங்கள். லென்ஸ் படத்தைத் தலைகீழாக விழச்செய்கிறது. நாம் முன்னாலிருந்து பார்ப்பதால் இடம் வலம் மட்டும் மாறாமல் இருக்கிறது. ஊதியதும் அதே சுவரை f/16இல் இன்னொரு முறை எடுத்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டால் எவை போயின, எவை ஒட்டிக்கொண்டே இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.